திங்கட்கிழமைக் குறிப்பு: வர வேண்டிய பணமும் அதன் கெடுவும்

ஃப்ரீலான்ஸராக வேலை செய்பவரின் வருமானம் எப்போதும் மூன்று நிலைகளில் இருக்கும். முடித்துக் கொடுத்தும் பில் போடாத வேலை ஒன்று. பில் போட்டும் வராத பணம் இன்னொன்று. வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த பணம் மூன்றாவது. இவற்றை ஒரே பக்கத்தில் தனித்தனியாக எழுதி, வராத ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அடுத்துச் செய்ய வேண்டியதையும் அதற்கான தேதியையும் குறித்து வைப்பதுதான் வாரக் குறிப்பு. நோட்டில் எழுதினாலும் கணினியில் எழுதினாலும் வேலை ஒன்றுதான்.

எழுதுவதற்குத் திங்கட்கிழமை காலை பொருத்தமான நேரம். பல நிறுவனங்களின் கணக்குப் பிரிவு, வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாளில் மொத்தமாகப் பணம் அனுப்பும். நினைவூட்டல் அந்த நாளுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பும் கடிதம் பெரும்பாலும் அடுத்த வாரம்தான் படிக்கப்படும்.

கோவையில் புத்தக அட்டைகளும் விளம்பரங்களும் வடிவமைக்கும் ஒருவரின் பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். தேதி 2025 ஆகஸ்ட் 4, திங்கள். அவருடைய எல்லா பில்களுக்கும் 30 நாள் கெடு.

பில் எண் 11 ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் போட்டது. தொகை 60,000 ரூபாய். மே 26-ஆம் தேதி அனுப்பியது, ஜூன் 25-இல் கெடு முடிந்துவிட்டது. இன்றோடு 40 நாள் தாமதம். எண் 12 ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு, 80,000 ரூபாய். அதில் ஜூலை 30 அன்று 72,000 வந்திருக்கிறது. எண் 13 ஒரு பதிப்பகத்துக்கு, 15,000 ரூபாய். ஜூலை 10-இல் அனுப்பியது, கெடு ஆகஸ்ட் 9. இவை தவிர, போன வாரம் முடித்துக் கொடுத்த 12,000 ரூபாய் வேலை ஒன்றுக்கு இன்னும் பில்லே போடவில்லை.

பார்த்ததும் கண் 60,000 மீதுதான் போகும். ஆனால் முதலில் முடிக்க வேண்டியது அந்த 12,000. பில் போகாத வரை கெடு ஓடத் தொடங்காது. பில் கிளம்பாத ஒவ்வொரு நாளும் பணம் வரும் நாளையும் ஒரு நாள் தள்ளிவிடுகிறது. வாடிக்கையாளரின் தாமதத்தைப் பற்றிக் குறைபடுபவர்களில் பலர், வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் பில் அனுப்பியிருப்பார்கள்.

பதிப்பகத்தின் பில்லுக்குக் கெடு இன்னும் வரவில்லை. இருந்தாலும் இந்த வாரமே ஒரு வரி எழுதுவது நல்லது. ஆகஸ்ட் 9 மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. வங்கிக் கிளைகளுக்கு விடுமுறை, பல அலுவலகங்களுக்கும் அப்படியே. கெடுவுக்கு முன் அனுப்பும் கடிதம் பணம் கேட்பதாக இருக்கத் தேவையில்லை. "வணக்கம். பில் எண் 13, தொகை ரூ.15,000, கெடு ஆகஸ்ட் 9. கணக்குப் பிரிவில் இது பதிவாகிவிட்டதா, வேறு விவரம் ஏதும் தேவைப்படுகிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்" என்று கேட்டாலே போதும். பல தாமதங்களுக்குக் காரணம் மனமில்லாமை அல்ல. ஆர்டர் எண் விடுபட்டிருக்கும், வங்கி எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருக்கும், வேலை கொடுத்தவர் பில்லைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பவே மறந்திருப்பார். கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால் தெரிந்தால் திருத்திவிடலாம். நாற்பது நாள் கழித்துத் தெரிந்தால், திருத்திய பில்லிலிருந்து மறுபடியும் 30 நாள் எண்ணுவோம் என்று சொல்லக்கூடும்.

40 நாள் தாமதமான பில்லுக்கு வேறு தொனி வேண்டும். இங்கே பழைய குறிப்புகள் கைகொடுக்கும். ஜூலை 21-ஆம் தேதிப் பக்கத்தில் "அடுத்த வாரம் அனுப்புவதாகக் கணக்காளர் போனில் சொன்னார்" என்று எழுதியிருந்தால், இன்றைய கடிதம் அந்தப் பேச்சையும் தேதியையும் நினைவுபடுத்தித் தொடங்கலாம். பில் நகலை மறுபடியும் இணைத்து, "விரைவில்" என்ற பதிலுக்கு இடம் தராமல், எந்தத் தேதியில் பணம் வரும் என்று கேட்க வேண்டும். கடிதம் கணக்குப் பிரிவுக்கும் வேலை கொடுத்தவருக்கும் சேர்ந்தே போக வேண்டும். கிடைக்கும் தேதியைக் குறிப்பில் எழுதி, அந்த நாளே அடுத்த நினைவூட்டல் நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நிலுவை என்று மட்டும் எழுதி, அடுத்த தேதி எழுதாத வரி வாரா வாரம் அப்படியே நகலெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

பயிற்சி நிறுவனத்தின் பில்லில் 8,000 குறைவது நிலுவை அல்ல, டிடிஎஸ். தொழில்முறைக் கட்டணம் ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், பொதுவாக 10 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000. இதை நிலுவையில் எழுதினால் வராத பணத்துக்காக நினைவூட்டல் போகும்; எழுதாமலே விட்டால் கட்டிய வரி கணக்கில் வராமல் போகும். எனவே வருமானம் 80,000, கைக்கு வந்தது 72,000, பிடித்தம் 8,000 என்று மூன்றையும் எழுத வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிடித்த வரிக்கான அறிக்கையை நிறுவனம் தாக்கல் செய்யக் கடைசி நாள் அக்டோபர் 31. ஆகவே நவம்பர் நடுவில், வருமான வரித் தளத்தின் 26ஏஎஸ் அறிக்கையில் 8,000 ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி இப்போதே போட்டுவைக்கலாம். ஏறவில்லை என்றால் பான் எண் தவறாக இருக்கலாம், அல்லது பிடித்த வரி இன்னும் கட்டப்படாமல் இருக்கலாம்.

எதிர்பார்க்கும் பணத்தைக் கூட்டும்போதும் இதே கவனம் வேண்டும். பில் எண் 11, 13 இரண்டும் சேர்ந்து 75,000. ஆனால் 60,000-இல் 6,000 பிடித்தம் போகும் என்பதால் கைக்கு வரப்போவது 69,000. வாடகையும் தவணையும் இந்த எண்ணை வைத்துத்தான் திட்டமிடப்பட வேண்டும்.

நினைவூட்டல்கள் பலிக்காதபோது சட்டத்தின் துணை உண்டு. ஆனால் அதற்கு முன்னேற்பாடு தேவை. உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவது இலவசம், தனிநபரும் பதியலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிந்திருப்பது பாதுகாப்பானது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. அதைவிட, கணக்காளர்களை அசைப்பது வருமான வரி விதி: குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் நிறுவனம் செலவாகக் காட்டலாம். பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டிருந்தால், மிரட்டாமலே இது நினைவுக்கு வரும். கடைசியில் மாநில அரசின் ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு செய்யலாம்.

அந்த நிலைக்கு வந்த பில்லை எதிர்பார்க்கும் பணத்தின் கூட்டலிலிருந்து எடுத்துவிட்டுத் தனிப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். அங்கேயும் ஒரு தேதி உண்டு: நீதிமன்றத்தை நாட பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். பில் எண் 11-க்கு, வேலை முடித்த நாளிலிருந்தே எச்சரிக்கையாக எண்ணினால் 2028 மே. கடனை ஒப்புக்கொண்டு இதற்குள் அவர்கள் கையொப்பமிட்டு எழுதிய கடிதம் வந்தால், அன்றிலிருந்து அவகாசம் புதிதாகத் தொடங்கும். ஆகவே அந்தக் கடிதம் பில்லோடு சேர்த்துக் கோக்கப்பட வேண்டும்.