ஒரே நாள், நான்கு வடிவங்கள்: பலர் எழுதும் இதழுக்கு ஒரு நடைக் கையேடு

சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய நாளை ஒருவர் "1969ம் வருடம் ஜனவரி 14ம் தேதி" என்று எழுதுவார். இன்னொருவர் "14-1-1969" என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவர் "திகதி" என்று போடுவார். அமெரிக்காவில் இருப்பவர் மாதத்தை முன்னால் வைத்து "1/14/1969" என்பார். யாரும் தவறாக எழுதவில்லை. ஆனால் நாலு பேரும் ஒரே இதழில் எழுதினால், படிப்பவர் ஒவ்வொரு கட்டுரையிலும் புது வழக்கத்துக்குப் பழக வேண்டியிருக்கும். இப்படிப் பல விதமாக எழுதக்கூடிய இடங்களில் "இங்கே இப்படி" என்று ஒரு முடிவெடுத்துக் குறித்து வைப்பதுதான் நடைக் கையேடு. அது இலக்கணப் புத்தகம் அல்ல.

தேதியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அங்கே பொருளே மாறிவிடும். 14/1 என்பதில் குழப்பம் இல்லை, 14ஆம் மாதம் என்று ஒன்று கிடையாது. 3/4/2024 என்றால் ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? அதனால் முதல் விதி: மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுத வேண்டும், "3 ஏப்ரல் 2024" என்று. இரண்டாவது விதி, எண்ணோடு சேரும் உருபுக்கு. 1969ல், 1969-ல், 1969இல், 1969-இல் என்று நான்கும் புழக்கத்தில் உள்ளன. "14ஆம், 1969இல், நடுவே கோடு வேண்டாம்" என்று ஒன்றைத் தேர்ந்தால் போதும்.

எண்களில் சிக்கல் காற்புள்ளியில் இருக்கிறது. இந்தியாவில் 10,00,000 என்று எழுதுவதும் இலங்கையிலும் மேலைநாடுகளிலும் 1,000,000 என்று எழுதுவதும் ஒரே தொகைதான். வாசகர்கள் இரு பக்கமும் இருந்தால் "10 லட்சம் (1 மில்லியன்)" என்று கட்டுரையில் முதல் தடவை மட்டும் இரண்டையும் கொடுக்கலாம். ஒன்பது வரை எழுத்திலும் 10 முதல் எண்ணிலும் எழுதுவது பரவலான விதி. அதற்கு ஒரு விலக்கும் வேண்டும். ஒரே வாக்கியத்தில் ஒப்பிடும்போது "3 பேர் வந்தார்கள், 12 பேர் வரவில்லை" என்று இரண்டையும் எண்ணிலேயே எழுதுவதுதான் கண்ணுக்கு எளிது.

எழுத்துக்கூட்டலுக்கு விதியைவிடச் சொற்பட்டியலே உதவும். கோயிலா கோவிலா, லண்டனா இலண்டனா, ஃபேஸ்புக்கா பேஸ்புக்கா என்று கேள்வி எழும்போதெல்லாம் முடிவை அகரவரிசையில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் முடிவெடுத்த நாளையும் குறிப்பது நல்லது, வழக்கம் மாறும்போது முடிவும் மாறலாம். ஆங்கிலச் செய்தித் துறையில் பெரிதும் பின்பற்றப்படும் ஏபி நடைக் கையேடுகூட மின்னஞ்சலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நடுவே இருந்த சிறுகோட்டை 2011இல்தான் எடுத்தது.

கணினியில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. "மௌனம்" என்பதைப் பலர் மெ, ள என்று தனித்தனியாகத் தட்டி "மெளனம்" என்று எழுதுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். ஆனால் கணினிக்கு இவை வேறு வேறு எழுத்துகள், ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. இதைக் கண்டுபிடிக்க "மௌனம்" என்று சரியாகத் தட்டித் தேடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற சொல் தேடலில் சிக்கவில்லை என்றால் அங்கே பிழை இருக்கிறது. அதற்காக "ெள" வருகிற இடத்தையெல்லாம் ஒரேயடியாக மாற்றிவிடக் கூடாது. தெளிவு, வெள்ளை, கெளுத்தி எல்லாம் உடைந்துபோகும். மௌனம், பௌர்ணமி, கௌரவம் என்று சொல் சொல்லாகத்தான் திருத்த வேண்டும்.

எண்ணுக்குப் பின் வரும் உருபுகளைச் சரிபார்க்க, regex தேடலை ஏற்கும் எழுதுசெயலிகளில் இதைக் கொடுக்கலாம்:

```
[0-9](-|ம்|ல்)
```

14ம், 1969-ல், 14-1-1969 எல்லாம் இதில் அகப்படும். 1914-18 போன்ற சரியான இடங்களும் சேர்ந்து வரும் என்பதால் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

கையேட்டின் எல்லையையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். மேற்கோள், கவிதை, ஒருவர் தன் பெயரை எழுதும் விதம், நிறுவனப் பெயர் ஆகியவை உள்ளபடியே இருக்கட்டும். "திகதி"யும் அப்படித்தான். யாழ்ப்பாண எழுத்தாளரின் கட்டுரையில் அதைத் "தேதி" ஆக்க வேண்டியதில்லை, அது அவருடைய பேச்சு. அவர் எழுதிய 14/1ஐ மட்டும் "14 ஜனவரி" ஆக்கினால் போதும். வாசகர் தேடும்போதும் படிக்கும்போதும் தடுக்கி விழும் இடத்தில்தான் கையேட்டுக்கு வேலை.