ஒரே போல் தெரியும் இரண்டு பைகள்: லைசோசோமும் பெராக்சிசோமும்

கோஷே என்ற பரம்பரை நோயில் குழந்தையின் மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி வயிறு பெரிதாகும். ரத்தசோகை வரும், எலும்பு வலிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உடலில் குறைந்துபோன நொதியை நரம்பு வழியாக ஏற்றினால் வீக்கம் மெல்ல வடிகிறது. அட்ரினோலுகோடிஸ்ட்ரோபி (சுருக்கமாக ஏ.எல்.டி.) என்பது இன்னொரு பரம்பரை நோய். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஏழெட்டு வயதுப் பையன் கவனம் சிதறி, கையெழுத்து கெட்டு, பார்வையும் காதும் மங்கத் தொடங்குவான். இதற்கு அப்படி ஏற்றிச் சரிசெய்யும் மருந்து கிடையாது.

இந்த வித்தியாசம் ஏன் என்று கேட்டால், செல்லுக்குள் இருக்கும் இரண்டு சிறு பைகளின் அமைப்பைப் பார்க்க வேண்டும். கோஷே நோயில் பழுதாவது லைசோசோம், ஏ.எல்.டி.யில் பெராக்சிசோம். இரண்டுக்கும் ஒற்றைச் சவ்வுதான். இரண்டையும் அடையாளம் காட்டியவரும் ஒருவரே: பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டுவ். 1974-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

எலியின் கல்லீரலை அரைத்து ஒரு நொதியை அளந்தபோது, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே அது தெரிந்தது. சில நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி அளந்தால் அளவு ஏறியிருந்தது. நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்து, பை கிழிந்ததும் வெளியே வந்திருக்கிறது என்று அவர் ஊகித்தார். லைசோசோம் என்ற பெயர் 1955-ல் வந்தது.

அந்தப் பைக்குள் சுமார் 60 வகை நொதிகள் இருக்கின்றன. கொழுப்பு, புரதம், சர்க்கரைத் தொடர் என்று வந்ததையெல்லாம் நீரைக் கொண்டு வெட்டுவது அவற்றின் வேலை. அவை நன்றாக வேலை செய்ய அமிலம் வேண்டும். அதனால் சவ்விலுள்ள ஒரு பம்பு ஓயாமல் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளுகிறது. வெளியே செல் திரவத்தின் பி.ஹெச். ஏறத்தாழ 7.2, பைக்குள் 5-க்குச் சற்றுக் கீழே. அதாவது நூறு மடங்குக்கும் மேல் அமிலம். இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. பையிலிருந்து கொஞ்சம் கசிந்தாலும், அமிலம் இல்லாத வெளியில் அந்த நொதிகள் பெரும்பாலும் முடங்கிவிடும்.

பெராக்சிசோமில் அந்த அமிலப் பம்பு இல்லை. உள்ளே அமிலத்தன்மை வெளியே இருப்பது போலவே, நடுநிலையை ஒட்டித்தான் இருக்கிறது. அதன் நொதிகள் ஆக்சிஜனைக் கொண்டு எரிப்பவை. 22 கார்பனும் அதற்கு மேலும் உள்ள மிக நீளமான கொழுப்பு அமிலங்களைச் சுருக்குவது அதன் முக்கிய வேலை. அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே திரவம்தான். அதை அங்கேயே நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும் நொதிக்கு கேட்டலேஸ் என்று பெயர்.

இனி சிகிச்சைக்கு வருவோம். செல் வெளியிலிருந்து விழுங்கும் பொருள் பெரும்பாலும் லைசோசோமில்தான் போய்ச் சேரும். கோஷே நோயில் கொழுப்பு தேங்குவது மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்களில். அவற்றின் மேற்பரப்பு மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். எனவே நொதியில் மேனோஸ் வெளியே தெரியும்படி செய்து ரத்தத்தில் விட்டார்கள்; செல்லே அதை விழுங்கி உரிய இடத்தில் சேர்த்தது. அமெரிக்காவில் 1991-ல் அனுமதி பெற்ற முதல் மருந்து, பிரசவத்துக்குப்பின் வெளிவரும் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த நொதி. மூளைக்குள் மட்டும் இம்மருந்து போவதில்லை.

பெராக்சிசோமுக்கு இந்த வாசல் கிடையாது. அதன் புரதங்கள் செல்லுக்குள்ளேயே தயாராகி, உள்ளிருந்தபடியே அதில் நுழைகின்றன. போதாததற்கு, ஏ.எல்.டி.யில் கெடுவது நொதிகூட அல்ல. நீளக் கொழுப்பைப் பைக்குள் கடத்தும், சவ்வில் பதிந்த புரதம். கொழுப்பு வெளியே தேங்கி மூளை நரம்புகளின் உறையையும் அட்ரினல் சுரப்பியையும் கெடுக்கிறது. காரணமில்லாத சோர்வு, வாந்தி, தோல் கருத்துப்போவது ஆகியவை மூளை பாதிக்கப்படும் முன்பே வரலாம்.

பரம்பரையாக வரும் வழியும் வேறு. கோஷே வர, பழுதான மரபணு வாப்பா, உம்மா இருவரிடமிருந்தும் வர வேண்டும். மாமா மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணம் முடித்தவர்களிடம் இருவருமே அதே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடும். ஏ.எல்.டி. எக்ஸ் குரோமோசோம் வழியே வருவது. அந்நியத்தில் மணம் முடித்தாலும், உம்மா அதைச் சுமந்தால் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஆகவே ஒரு பையனுக்கு இது உறுதியானால் அவன் தம்பிகளோடு, உம்மாவின் சகோதரிகளுடைய மகன்களையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு, ரத்தத்தில் 26 கார்பன் கொழுப்பு அமிலத்தின் அளவே காட்டிக்கொடுத்துவிடும். பெண்களுக்கு அந்த அளவு சரியாக இருந்தும் பழுது இருக்கலாம் என்பதால் மரபணுச் சோதனைதான் தெளிவு. பழுதுள்ள பையன்கள் எல்லோருக்கும் சிறுவயதில் மூளை பாதிப்பதில்லை. அட்ரினலைச் சோதித்துக்கொண்டு, ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். முதல் மாற்றம் தெரிந்தவுடன் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் நோயை அங்கேயே நிறுத்த முடியும். பேச்சும் நடையும் தடுமாறிய பிறகு செய்தால் பெரும்பாலும் பலனில்லை.