ஒரு தலைப்பு, ஐந்து வரிகள்

கட்டுமானத் தளத்தில் காலைப் பாதுகாப்புக் கூட்டம் நடக்கிறது. திரையில் ஓடும் ஆங்கில ஸ்லைடை யாரோ செல்போனில் படமெடுத்து, "இதை அரபியில் போட்டுத் தாருங்கள்" என்று அனுப்புகிறார்கள். வெயிலில் வேலை செய்வது பற்றிய ஸ்லைடு, ஐந்தே வரிகள். மொழிபெயர்ப்பாளருக்கு ஐந்து நிமிட வேலை என்றுதான் அனுப்பியவர் நினைப்பார்.

முதல் சிக்கல் படத்திலேயே இருக்கிறது. விளக்கொளி பட்டு முதல் வரியில் ஓர் எண் மங்கிவிட்டது. "ஒரு கப் தண்ணீர் குடி, ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும்" என்றிருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம். எண்ணுக்கு இடம் விட்டுவிட்டு மற்றதை எழுதிவைக்க அரபி விடாது. 3 முதல் 10 வரையான எண்களுக்குப் பின் நிமிடம் பன்மையில் 'தகாயிக்' என்று வரும். 11 முதல் 99 வரை ஒருமையில் 'தகீகா'. எண் மாறினால் பக்கத்துச் சொல்லும் மாறும். ஊகம் இங்கே இரட்டைப் பிழையாகிவிடும், பாதுகாப்பு விஷயத்தில் ஊகிக்கவும் கூடாது. மூல ஸ்லைடைக் கேட்டு வாங்குவதே வழி. 20 தான் என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம்.

அடுத்தது, ஆங்கில வரிகளே ஒழுங்காக இல்லை. முதல் வரி 'குடி' என்று ஏவுகிறது. இரண்டாவது 'நிழலில் ஓய்வெடுத்தல்'. மூன்றாவது 'வெளிர் நிற உடை' என்று வெறும் பெயர். நான்காவது 'தலைசுற்றினால் மேற்பார்வையாளரிடம் சொல்லப்பட வேண்டும்'. ஐந்தாவது '12:30 முதல் 3:00 வரை வேலை கிடையாது'. கூட்டத்தில் பேசுகிறவர் வாயால் நிரவிவிடுவார். அப்படியே அரபியில் கொண்டுவந்தால் ஐந்து பேர் எழுதியது போலத் தெரியும்.

எல்லாவற்றையும் ஏவலாக்கலாமே என்று தோன்றும். ஆனால் அரபி ஏவல் எதிரில் இருப்பவரின் பாலையும் எண்ணிக்கையையும் கேட்கும். ஓர் ஆணிடம் 'இஷ்ரப்', பெண்ணிடம் 'இஷ்ரபீ', பலரிடம் 'இஷ்ரபூ'. பன்மையைத் தேர்ந்துகொண்டு ஐந்து வரியிலும் விடாமல் பிடித்தால் அதுவும் சரிதான். நடுவில் ஒரு வரி ஒருமைக்கு நழுவிவிடுவதுதான் வழக்கமான விபத்து.

அதனால் பலரும் நாடுவது 'மஸ்தர்' எனும் தொழிற்பெயரை. நம் 'குடித்தல்', 'அணிதல்' போன்றது. ஆளையும் பாலையும் காட்டாது. 'ஷுர்ப்' (குடித்தல்), 'இஸ்திராஹா' (ஓய்வெடுத்தல்), 'இர்திதா' (அணிதல்), 'இப்லாக்' (அறிவித்தல்), 'ஈகாஃப்' (நிறுத்துதல்) என்று ஐந்து வரியும் ஐந்து தொழிற்பெயரில் தொடங்கும். மூன்றாம் வரியில் இல்லாத 'அணிதல்' சேர்க்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஐந்தாம் வரியின் 'கிடையாது', 'நிறுத்துதல்' ஆகியிருக்கிறது. எதிர்மறையை வைத்தே எழுதவும் அரபியில் வழி உண்டு. அதற்கு முன்னால் இன்னொரு சொல் ஒட்ட வேண்டும், வரியின் முகமும் மாறிவிடும்.

தொழிற்பெயருக்கு ஒரு குறை உண்டு. அது கட்டளையிடாது. 'ஷுர்ப்' என்று மட்டும் இருந்தால் பாடப்புத்தகத் தலைப்பு போலிருக்கும். இதற்கு மருந்து ஸ்லைடின் தலைப்பில் இருக்கிறது. 'வெயிலில் வேலை செய்யும்போது' என்பதோடு 'யஜிப்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். 'வேண்டும்' என்று பொருள். தமிழில் 'அருந்துதல் வேண்டும்' எப்படி முழு வாக்கியமோ, அப்படியே 'யஜிப்'பும் மஸ்தரும் சேர்ந்து முழு வாக்கியமாகும். கட்டாயத்தைத் தலைப்பு ஒருமுறை சுமந்துகொள்வதால் வரிகள் இளைத்துப்போகும். சோதிப்பதும் எளிது: தலைப்பைச் சொல்லி ஒவ்வொரு வரியையும் அதோடு சேர்த்து உரக்கப் படிக்க வேண்டும். ஒட்டாத வரி காதிலேயே இடறும்.

நீளத்தில் கைவைக்க நான்காம் வரியே தோது. 'தலைசுற்றலை உணரும்போது மேற்பார்வையாளருக்கு உடனே அறிவித்தல்' என்பதில் 'உணரும்போது' வேண்டாம், 'தலைசுற்றலின்போது' போதும். 'உடனே'யை மட்டும் வெட்டக்கூடாது. அந்த வரியின் உயிரே அதுதான். மிச்சமாகும் இடம் வீணாகாது. ஒரே அளவில் அரபி எழுத்து ஆங்கிலத்தைவிடச் சிறிதாகத் தெரியும், அளவைக் கூட்டத்தான் வேண்டும்.

கடைசியாக நேரம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3:00 வரை திறந்த வெளியில் நேரடி வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. ஐந்தாம் வரி அதைத்தான் சொல்கிறது. அரபி வலமிருந்து இடமாக ஓடும். ஒவ்வோர் எண்ணும் மட்டும் இடமிருந்து வலமாக நிற்கும். இரண்டு நேரங்களுக்கு நடுவே சிறு கோடு போட்டால், பெட்டியின் எழுத்துத் திசையைப் பொறுத்து 12:30 வலப்பக்கமும் நிற்கும், இடப்பக்கமும் நிற்கும். எது தொடக்கம் என்று படிப்பவர் தடுமாறுவார். கோட்டை எடுத்துவிட்டு 'மின் 12:30 இலா 3:00' என்று எழுதினால், எது முதலில் என்பதைச் சொற்களே சொல்லிவிடும். புள்ளிகளையும் வரிகளையும் வலப்பக்கம் ஒதுக்கிவிட்டால் ஸ்லைடை அனுப்பிவிடலாம்.