அணிலின் வால் பாம்பிடம் சொல்வது

மதில்மேல் பூனை பதுங்கியிருக்கும்போது, பக்கத்து மரத்து அணில் ஓடி ஒளிந்துகொள்வதில்லை. கிளையில் நின்று விடாமல் கத்துகிறது. ஒவ்வொரு கத்தலுக்கும் வாலை வெடுக்கென்று சுண்டுகிறது. தான் இருக்கும் இடத்தை எதிரிக்குத் தானே காட்டிக்கொடுப்பது போலத்தான் தெரியும். ஆனால் பூனை எப்படி வேட்டையாடுகிறது என்று பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. துரத்திப் பிடிப்பதைவிட மறைந்திருந்து பாய்வதுதான் பூனையின் வழி. பார்த்துவிட்ட அணிலின் மேல் பாய்ந்து பெரிதாகப் பயனில்லை. கத்தல் மற்ற அணில்களையும் எச்சரிக்கிறது. வாலாட்டலோ பெரும்பாலும் எதிரிக்கே சொல்லும் சேதி.

இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில். அங்கே மண்ணில் வளை தோண்டி வாழும் தரை அணில்கள் உண்டு. அவற்றின் குட்டிகளைத் தேடி வருவது, வால் நுனியைக் கிலுகிலுவென்று ஒலிக்கச் செய்யும் கிலுகிலுப்பைப் பாம்பு. வளர்ந்த அணிலின் இரத்தத்தில் அந்த நஞ்சை ஓரளவு முறிக்கும் புரதங்கள் இருக்கின்றன. குட்டியின் சிற்றுடலுக்கு அந்தப் பாதுகாப்பு போதாது. அதனால்தான் தாய் அணில் பாம்பைக் கண்டு விலகாமல், நெருங்கிப்போய் மண்ணை அதன் முகத்தில் வாரி இறைக்கிறது, வால்முடியைச் சிலிர்த்துப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டுகிறது.

கிலுகிலுப்பைப் பாம்பும் பதுங்கி வேட்டையாடுவதுதான். அணில்கள் நடமாடும் வழியோரம் சுருண்டு, மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும். சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரூலன் கிளார்க்கும் அவருடன் பணியாற்றிய பார்பரும் இப்படிக் காத்திருந்த பாம்புகளை வீடியோவில் பதிவு செய்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாலாட்டும் அணிலைப் பாம்பு கொத்துவது குறைந்தது. அதோடு, வளர்ந்த அணில் பாம்பைக் கண்டுகொண்டு வாலாட்டிய பிறகு, பாம்பு அந்த இடத்தையே விட்டுப் போய்விடுவதும் தெரிந்தது. ஒரு அணில் பார்த்துவிட்டால் சுற்றியுள்ள அணில்களும் விழித்துக்கொள்ளும். அப்புறம் அங்கே காத்திருந்து என்ன கிடைக்கும்?

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. பாம்பே கண்ணில் படாத நேரத்திலும் இந்த அணில்கள் வாலாட்டும். அப்படியென்றால் 'உன்னைப் பார்த்துவிட்டேன்' என்பது எல்லா நேரத்திலும் உண்மையாக இருக்க முடியாது. ஆனால் 'நான் விழிப்பாக இருக்கிறேன், பாய்ந்தால் தப்பிவிடுவேன்' என்பது உண்மையாக இருக்கலாம். 2015இல் வெளியான அடுத்த ஆய்வு, பாம்பு கண்ணில் படாதபோது ஆடும் வால் அந்த விழிப்பைத்தான் காட்டுகிறது என்றது. வெறும் மிரட்டலாக இருந்தால் பாம்புகள் நாளடைவில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கும். சொன்னபடி தப்பிவிடும் அணில்களிடமிருந்து வருவதால்தான் அந்தச் சேதிக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்க வைத்தது வேறொன்று. கிலுகிலுப்பைப் பாம்புக்குக் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே ஒரு குழி உண்டு. இரையின் உடல் சூட்டை அது அந்தக் குழியால் உணர்கிறது. நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கும் அதே உறுப்பு இருக்கிறது. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆரன் ரண்டஸ், டொனால்ட் ஓவிங்ஸ் குழுவினர், வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமரா வழியாக அணில்களைப் பார்த்தார்கள். கிலுகிலுப்பைப் பாம்பின் முன் ஆட்டும்போது அணிலின் வால் சூடேறியிருந்தது. குழி உறுப்பு இல்லாத கோஃபர் பாம்பின் முன்னும் அணில் வாலாட்டியது, ஆனால் வால் அப்படிச் சூடாகவில்லை.

அந்தச் சூடு பாம்பை உண்மையிலேயே பாதிக்கிறதா, அல்லது பதற்றத்தில் தானாக ஏறுகிறதா? இதை அறிய, வாலை ஆட்டவும் சூடேற்றவும் கூடிய இயந்திர அணில் ஒன்றைச் செய்தார்கள். ஆட்டம் ஒன்றுதான்; ஒருமுறை சூடான வால், இன்னொரு முறை சூடில்லாத வால். சூடான வாலைக் கண்ட பாம்புகள், இரை தேடும் நிலையிலிருந்து தற்காப்புக்கு அதிகமாக மாறின. 2007இல் இந்த ஆய்வு வெளியானது. எதிரிக்கு எந்தப் புலன் இருக்கிறதோ அதற்கேற்ப அணில் சேதியை அனுப்புகிறது.

பூனைக்குச் சூட்டை உணரும் குழி கிடையாது. அசைவைக் கவனிப்பதில் அதன் கண் கெட்டி, அதனால் வால் ஆடினாலே போதும். அமெரிக்காவின் சாம்பல் அணில்களிடம் நடந்த ஓர் ஆய்வில், தரைவழி வரும் எதிரியைக் கண்டபோது வாலை வீசி ஆட்டுவது வெளிப்பட்டது, வானிலிருந்து வரும் ஆபத்துக்கோ முனகல் போன்ற ஒலி. பதுங்கியிருக்கும் பூனைக்கு, பாயலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இன்னும் நேரமிருக்கிறது, அதன் மனதை மாற்ற வாலால் முடியும். இறங்கி வந்துகொண்டிருக்கும் பருந்திடம் அது பலிக்காது.