வட்டியை மாற்றிக்கொண்டால் லாபம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் மாணவர்களுக்கு வங்கிகள் கொடுத்த கல்விக்கடன்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வதற்கென்றே அரசு ஆதரவில் ஒரு நிறுவனம் இருந்தது. சாலி மே என்று பெயர். அந்தக் கடன்களிலிருந்து அதற்குக் கிடைத்த வருமானம், 91 நாள் கருவூலப் பத்திரங்களின் வட்டியை ஒட்டி ஏறி இறங்கும். ஆனால் அரசின் நிழலில் இருந்ததால், பல ஆண்டுகளுக்கு நிலையான வட்டியில் பத்திரம் வெளியிட்டு மலிவாகக் கடன் வாங்க அதனால் முடிந்தது. வரவு மாறும் வட்டி, செலவு நிலையான வட்டி என்றால் சந்தை வட்டி சரியும்போதெல்லாம் நஷ்டம்தான். ஐ.டி.டி. என்ற பெருநிறுவனத்தின் தேவையோ இதற்கு நேர் எதிர். அதற்கு வேண்டியது நிலையான வட்டி. 1982-ல் இந்த இரண்டும் தத்தம் வட்டிப் பொறுப்பை மாற்றிக்கொண்டன. நிதிச் சந்தையில் ‘ஸ்வாப்’ என்று சொல்லப்படும் வட்டி மாற்று ஒப்பந்தத்தின் முதல் உதாரணங்களில் ஒன்றாக இது பேசப்படுகிறது.

இதில் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் வட்டி குறைகிறது என்பதுதான் ஆச்சரியம். எப்படிக் குறைகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

வலுவான பெயருள்ள நிறுவனம் ஒன்று, சுமாரான பெயருள்ள நிறுவனம் ஒன்று. இரண்டுக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் வேண்டும். வலுவான நிறுவனத்துக்கு நிலையான வட்டியில் 11 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கும். மாறும் வட்டி என்றால் லைபாருக்கு மேல் 0.3 சதவீதம். லைபார் என்பது லண்டனில் வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கும் வட்டியாக அன்று எல்லோரும் எடுத்துக்கொண்ட அளவுகோல். சுமாரான நிறுவனத்திடம் நிலையான வட்டிக்கு 13 சதவீதம் கேட்கிறார்கள். மாறும் வட்டிக்கு லைபாருக்கு மேல் 1.1 சதவீதம்.

வலுவான நிறுவனத்துக்கு இரண்டு இடத்திலும் மலிவுதான். ஆனால் எவ்வளவு மலிவு என்பதில் வித்தியாசம் இருக்கிறது. நிலையான வட்டியில் இடைவெளி 2 சதவீதம். மாறும் வட்டியில் 0.8 மட்டுமே. 1817-ல் டேவிட் ரிக்கார்டோ துணியையும் ஒயினையும் வைத்துச் சொன்னது இதைத்தான். போர்ச்சுகல் இரண்டையுமே இங்கிலாந்தைவிடக் குறைந்த உழைப்பில் செய்யும் என்றாலும், அதன் மேன்மை அதிகமாக இருக்கும் ஒயினைச் செய்து துணியை வாங்கிக்கொள்வதில் இருவருக்கும் ஆதாயம் உண்டு என்றார். இங்கே வலுவான நிறுவனத்தின் ஒயின், நிலையான வட்டிக் கடன். சுமாரான நிறுவனம் அதிகம் பின்தங்காத இடம், மாறும் வட்டிக் கடன். இடைவெளிகளின் வித்தியாசமான 1.2 சதவீதம், அதாவது 10 கோடி டாலருக்கு ஆண்டுக்கு 12 லட்சம் டாலர், பங்கு போடக் காத்திருக்கிறது.

ஒரு சிக்கல்: வலுவான நிறுவனத்துக்கு வேண்டியது மாறும் வட்டி, சுமாரானதற்கு வேண்டியது நிலையான வட்டி. அதனால் ஒவ்வொன்றும் தனக்கு எது மலிவோ அந்தக் கடனை வாங்கிவிட்டு, பிறகு வட்டியை மட்டும் மாற்றிக்கொள்கிறது. நடுவில் ஒரு வங்கி நிற்கும். வங்கி வலுவான நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 11.2 சதவீதம் கொடுத்து லைபாரை வாங்கிக்கொள்கிறது. சுமாரான நிறுவனத்துக்கு லைபாரைக் கொடுத்து 11.4 சதவீதம் வாங்கிக்கொள்கிறது. அசல் யார் கையிலிருந்தும் யார் கைக்கும் போவதில்லை. வட்டியைக் கணக்கிட மட்டுமே அந்த 10 கோடி. வட்டியிலும் கழித்த மிச்சம்தான் கை மாறும்.

லைபார் 13 சதவீதமாக இருக்கும் ஓர் அரையாண்டை எடுத்துக்கொள்வோம். வலுவான நிறுவனம் 13-க்கும் 11.2-க்கும் உள்ள 1.8 சதவீத வித்தியாசத்தில் பாதியை, அதாவது 9 லட்சம் டாலரை, வங்கிக்குக் கட்டுகிறது. வங்கி அதில் 8 லட்சத்தைச் சுமாரான நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. ஒரு லட்சம் வங்கியிடம் நிற்கிறது. லைபார் 10-க்கு இறங்கினால் பணம் எதிர்த் திசையில் ஓடும்; அப்போதும் வங்கிக்கு அதே ஒரு லட்சம்.

கடைசியில் யாருக்கு என்ன வட்டி? வலுவான நிறுவனம் கடன்காரருக்கு 11 கட்டுகிறது, 11.2 பெறுகிறது, லைபாரைக் கொடுக்கிறது. ஆக, லைபாரைவிட 0.2 குறைவு. நேராகப் போயிருந்தால் 0.3 கூடுதலாக இருந்திருக்கும். மிச்சம் அரை சதவீதம். சுமாரான நிறுவனம் லைபாருக்கு மேல் 1.1 கட்டுகிறது, லைபாரைப் பெறுகிறது, 11.4 கொடுக்கிறது. மொத்தம் 12.5. நேராக என்றால் 13. இங்கும் மிச்சம் அரை சதவீதம். வங்கிக்கு 0.2. எல்லாம் சேர்ந்து அந்த 1.2.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றன. எனக்கு இங்கேதான் முக்கியமான கேள்வி தொடங்குவதாகப் படுகிறது. ஒரே நிறுவனத்தின் நம்பகத்தன்மையை ஒரு சந்தை 2 சதவீதக் குறையாகவும் இன்னொரு சந்தை 0.8 சதவீதக் குறையாகவும் மதிப்பிடுவானேன்?

ஓரளவுக்குச் சந்தைகளின் சுபாவம் காரணம். பத்திரம் வாங்கும் முதலீட்டாளர் தெரிந்த பெயரையே நம்புவார். வங்கியோ நிறுவனத்தின் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடன் கொடுக்கும். ஆனால் இதைவிடப் பெரிய காரணம், இரண்டும் ஒரே மாதிரிக் கடனே அல்ல என்பது. நிலையான வட்டிக்குக் கொடுப்பவர் ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து மாட்டிக்கொள்கிறார். இடையில் நிறுவனம் நொடிந்தாலும் வட்டியைக் கூட்ட முடியாது. அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் 13. மாறும் வட்டிக்குக் கொடுப்பவர் பல நேரம் ஆறு மாதத்துக்கே கொடுக்கிறார். கடனைப் புதுப்பிக்கும் நேரம் வரும்போது நிறுவனத்தின் நிலைமை சரியில்லை என்றால் லைபாருக்கு மேலான தொகையை உயர்த்தலாம், புதுப்பிக்காமலும் விடலாம். அதனால்தான் 1.1 போதும் என்கிறார்.

சுமாரான நிறுவனத்தின் 12.5 சதவீதம் என்ற கணக்கு, அந்த 1.1 ஐந்து ஆண்டும் மாறாது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இரண்டாம் ஆண்டில் வியாபாரம் சரிந்து, கடன் கொடுத்தவர் 2.1 கேட்டால் மொத்தச் செலவு 13.5 ஆகிவிடும். பேசாமல் நிலையான கடன் வாங்கியிருந்தால் 13-ல் முடிந்திருக்கும். ஸ்வாப் லைபாரின் ஏற்றத்திலிருந்து காப்பாற்றும். நிறுவனத்தின் சொந்தப் பெயர் கெடுவதிலிருந்து காப்பாற்றாது. அதுவும் இரண்டும் ஒன்றாகவே வரும்: தொழில் படுக்கும் நேரத்தில்தான் கடன் கொடுத்தவரும் கையை இறுக்குவார்.

வலுவான நிறுவனத்தின் அரை சதவீதம் இதைவிட உறுதியானது; அதன் 11 சதவீதம் ஐந்து ஆண்டுக்கும் பூட்டப்பட்டது. அது பயப்பட வேண்டியது நடுவில் நிற்கும் வங்கி விழுந்துவிடுமோ என்று மட்டும்தான். அப்படி விழுந்தாலும் போவது அசல் அல்ல, மீதி ஆண்டுகளுக்கான வட்டி வித்தியாசம். 2008-ல் லீமன் பிரதர்ஸ் விழுந்த பிறகு, இத்தகைய ஒப்பந்தங்களைத் தீர்வக அமைப்புகள் வழியாகவே முடிக்க வேண்டும் என்ற விதிகள் பல நாடுகளில் வந்தன. லைபாரும் போய்விட்டது, டாலரில் இப்போது சோஃபர். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 1999-ல் ஸ்வாப்புகளை அனுமதித்தது. அளவுகோல் எதுவானாலும் மேலே சொன்ன கணக்கு ஒன்றுதான்.

ஆகவே சுமாரான நிறுவனத்தின் நிதி அதிகாரி தன் வங்கியிடம் கேட்க வேண்டிய விலை இன்னொன்று உண்டு: லைபாருக்கு மேலான தொகையை ஐந்து ஆண்டுக்கும் உயர்த்துவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் எவ்வளவு? வங்கி 1.6 என்றால், 11.4-ஐச் சேர்த்து 13. நேரடிக் கடனின் அதே வட்டி. அரை சதவீத லாபமாகத் தெரிந்தது முழுவதும், அவர் தன் தலையில் சுமந்துகொண்ட ஆபத்தின் கூலிதான். வங்கி 1.4-க்கு இசைந்தால் மொத்தம் 12.8. அந்த 0.2 சதவீதம், ஆண்டுக்கு 2 லட்சம் டாலர், ஸ்வாப்பினால் உண்மையிலேயே கிடைத்த மிச்சம்.