நீராவி நீராகும் நொடியில்

121 டிகிரி செல்சியஸில், ஆட்டோகிளேவின் நீராவி அறுவைக் கத்தரியிலுள்ள கிருமிகளை 15 நிமிடத்தில் கொன்றுவிடும். அதே சூட்டில் உலர்காற்றுக்கு ஓர் இரவே தேவைப்படும்.

குளிர்ந்த உலோகத்தில் பட்டவுடன் நீராவி நீராகிறது. அப்போது ஒவ்வொரு கிராமும் சுமார் 2,200 ஜூல் வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. சூடான காற்றிடம் அப்படியொரு சேமிப்பு கிடையாது. படிந்த ஈரத்தில் கிருமியின் புரதங்களும் எளிதில் குலைந்து உறைகின்றன; உலர்ந்த புரதமோ வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். அழுத்தம் நேரடியாகக் கொல்வதில்லை. நீரின் கொதிநிலையை 121 டிகிரிக்கு உயர்த்துவதே அதன் வேலை.

ஆபத்து, உள்ளே தங்கிவிடும் காற்றில்தான். நிமிர்த்தி வைத்த கிண்ணத்தில் காற்று தேங்கினால் நீராவி அடிவரை இறங்காது. அழுத்தமானி சரியாகக் காட்டினாலும் அங்கே கிருமி பிழைக்கும். எனவே கிண்ணங்களைப் பக்கவாட்டில் சாய்த்தே அடுக்க வேண்டும்.