விற்காத நாளுக்கும் ஒரு வரி வேண்டும்

ஓர் எலக்ட்ரிகல் கடையை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூன் மாதம் அங்கே ஃபேன் கெப்பாசிட்டர் 36 விற்றது. பில் போடும் மென்பொருளிலிருந்து நாள்வாரி விற்பனையை எக்செலுக்கு எடுத்தால் 12 வரிகள் வருகின்றன. அடியில் சராசரி போட்டால் நாளுக்கு 3. மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு வந்து சேர 10 நாள் ஆகும். அப்படியானால் 30 கைவசம் வேண்டும் என்று கடைக்காரர் முடிவு செய்கிறார்.

மாதம் முழுக்க 36தான் போயிருக்கிறது. 10 நாளில் 30 எப்படிப் போகும்? கோளாறு சராசரியில் இல்லை, எதை எதால் வகுத்தோம் என்பதில் இருக்கிறது. பில் போட்ட நாள்தான் மென்பொருளுக்குத் தெரியும். ஒன்றுமே விற்காத 18 நாட்களுக்குப் பில் இல்லை, அதனால் வரியும் இல்லை. 36ஐ 30 நாளால் வகுக்க வேண்டிய இடத்தில் 12ஆல் வகுத்துவிட்டோம்.

வரைபடமும் இதே தவறைச் செய்கிறது. ஜூன் 3 அன்று மூன்று விற்று, அடுத்த விற்பனை 9 அன்று நான்கு என்றால், கோடு இரண்டு புள்ளிகளையும் நேராக இணைத்துவிடும். பார்ப்பவருக்கு இடையில் தினமும் மூன்று, நான்கு போனது போலத் தோன்றும். உண்மையில் அந்த ஐந்து நாளும் ஒன்றுகூடப் போகவில்லை. ஏழு நாள் நகரும் சராசரி இன்னும் மோசம்: ஏழு வரிகளைக் கூட்டி வகுக்கிறோம், ஆனால் இந்தத் தாளில் ஏழு வரி என்பது இரண்டு வாரத்துக்கும் மேலான காலம்.

இதற்கு வழி, தேதிப் பட்டியலை விற்பனையிலிருந்து எடுக்காமல் காலண்டரிலிருந்து எடுப்பது. A பத்தியில் விற்பனைத் தேதியும் B பத்தியில் எண்ணிக்கையும் இருக்கட்டும். D2 கட்டத்தில் முதல் சூத்திரத்தையும் E2 கட்டத்தில் இரண்டாவதையும் எழுதி, இரண்டாவதை மாதக் கடைசி வரை இழுத்துவிடுங்கள்.

```
=SEQUENCE(30,1,DATE(2025,6,1))
=SUMIFS(B:B,A:A,">="&D2,A:A,"<"&D2+1)
```

முதலாவது ஜூன் 1 முதல் 30 வரை எல்லாத் தேதிகளையும் அடுக்கும். வெறும் எண்களாகத் தெரிந்தால் அந்தப் பத்தியைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் போதும். இரண்டாவது அந்தந்த நாளின் விற்பனையைக் கூட்டும், இல்லாத நாளுக்கு 0 எழுதும். அந்த 0 முக்கியம். கட்டத்தைக் காலியாக விட்டால் எக்செலின் AVERAGE அதைக் கணக்கிலேயே சேர்க்காது; 0 என்று இருந்தால்தான் ஒரு நாளாக எண்ணும். பட்டியலை முதல் விற்பனை நாளில் தொடங்கிக் கடைசி விற்பனை நாளில் முடிக்காதீர்கள். மாத இறுதியில் வியாபாரம் படுத்திருந்தால் அந்த நாட்கள் மறுபடியும் காணாமல் போகும்.

இரண்டே சோதனைகள் போதும். புதிய பட்டியலில் 30 வரி இருக்க வேண்டும். மொத்தம் பழையபடி 36 வர வேண்டும். மொத்தம் குறைந்தால் பெரும்பாலும் A பத்தியின் தேதிகள் எழுத்தாகப் பதிவாகியிருக்கும், அல்லது 03/06 என்பதை எக்செல் மார்ச் 6 என்று படித்திருக்கும். அப்போது விற்ற நாளும் சூனியமாக நிற்கும். நிரப்பாமல் விட்டதைவிட அது பெரிய பிழை.

இப்போது சராசரி 1.2. இதோடு நிறுத்துபவர்கள் பலர், நிறுத்தக் கூடாது என்பது என் கருத்து. அந்த 18 சூனியங்களும் ஒரே ஜாதி அல்ல. ஐந்து ஞாயிறு, கடை விடுமுறை. 17 முதல் 20 வரை நான்கு நாள் சரக்கே இல்லை. கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போயிருக்கலாம். மீதி ஒன்பது நாள்தான் கடை திறந்து, சரக்கும் இருந்து, யாரும் வாங்காத நாள். எத்தனை போகும் என்று கணிக்க இந்த ஒன்பதையும் விற்ற பன்னிரண்டையும் சேர்த்து 21 நாளால் வகுக்க வேண்டும்: நாளுக்குச் சுமார் 1.7. பத்து நாளில் ஒரு ஞாயிறாவது வரும், ஆகவே ஒன்பது நாள் வியாபாரத்துக்கு 15 அல்லது 16 தேவை. 1.2ஐ நம்பி 12 வாங்கியிருந்தால் மறுபடியும் தட்டுப்பாடு வந்திருக்கும்.

இதைப் பிரித்தறிய சூனியத்தின் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு ‘விடுமுறை’, ‘சரக்கு இல்லை’ என்று குறித்து வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் பழுதாகிப் பில் பதிவாகாத நாள் இருந்தால் அங்கே 0 போடாதீர்கள், காலியாகவே விடுங்கள். அன்று எவ்வளவு விற்றது என்று யாருக்கும் தெரியாது. இந்தக் காரணங்களை எந்தச் சூத்திரமும் கண்டுபிடிக்காது. கடையில் இருப்பவர் அன்றன்றே எழுதினால்தான் உண்டு.